உயர்ந்த சம்பளமும் கைக்கு வந்த சம்பளமும்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, கச்சிபௌலியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என் விடுதி அறைக்கு வந்தார். நெல்லைச் சீமையில் எனக்கு அடுத்த ஊர்க்காரர், இரண்டாண்டு மூத்தவர், ஆதலால் அண்ணா என்றே அழைப்பது வழக்கம். வந்தவர் பையிலிருந்து இரண்டு சம்பளச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று ஜூன் மாதத்தது. மற்றொன்று ஆகஸ்டு மாதத்தது.

"தம்பி, நீ பொருளாதாரம் படிக்கிறவன். இதைப் பார்த்துச் சொல். எனக்கு ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் உயர்வு கொடுத்தார்கள். ஜூனில் கைக்கு வந்தது 98,800. ஆகஸ்டில் வந்திருப்பது 97,729. உயர்வு என்றால் உயர வேண்டாமா?"

அவருடைய வருத்தத்திற்குக் காரணம் இருந்தது. அவர் தங்கை அந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஐம்பதாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் நாலாயிரத்துக்குமேல் வரும் என்று எண்ணி, அதில் மூவாயிரத்தை வீட்டுக்குக் கூடுதலாக அனுப்புவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் கேட்டதற்கு, "வரி கூடிவிட்டது" என்று ஒரே சொல்லில் விடை கிடைத்ததாம். பதினைந்து விழுக்காட்டுப் படிக்குப் போய்விட்டதால் தம் சம்பளம் முழுவதற்கும் பதினைந்து விழுக்காடு வரி போடுகிறார்கள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். "இப்படியானால் உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்றும் கேட்டார்.

அவருடைய காரணம் தவறு. ஆனால் அவர் பட்ட நட்டம் உண்மை. இரண்டும் எப்படி ஒருங்கே பொருந்தும் என்பதை அன்று மாலை காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கண்டுபிடித்தோம். நம்மில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் இதே ஊரில் வேலைக் கடிதம் வாங்கப் போகிறவர்கள். ஆகவே அந்தக் கணக்கை இங்கே அப்படியே எழுதுகிறேன். எல்லாம் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச்சு வரையிலான நிதியாண்டின் விதிப்படி, புதிய வரித் திட்டத்தில் போட்ட கணக்கு.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஐம்பதாயிரம் எதில் உயர்ந்தது என்பது. அண்ணாவின் கடிதத்தில் உயர்ந்தது சி.டி.சி. எனப்படும் தொகை. அதாவது, அவர் பொருட்டு நிறுவனம் ஓராண்டில் செய்யும் செலவு முழுவதும். அது 13,50,000 ரூபாயிலிருந்து 14,00,000 ரூபாயாயிற்று. அதில் பாதி அடிப்படைச் சம்பளம். அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காட்டை நிறுவனம் தன் பங்காக வருங்கால வைப்பு நிதியில் கட்டுகிறது, அதுவும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கம். இன்னொரு 12 விழுக்காடு அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. ஆக, அடிப்படைச் சம்பளம் உயர உயர, வைப்பு நிதி இரண்டு பக்கமும் உயர்கிறது.

பழைய கணக்கு இது. அடிப்படைச் சம்பளம் 6,75,000. நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கு 81,000. அதைக் கழித்தால் அண்ணாவின் பெயரில் வரும் மொத்தச் சம்பளம் 12,69,000.

புதிய கணக்கில் அடிப்படைச் சம்பளம் 7,00,000. நிறுவனத்தின் பங்கு 84,000. மொத்தச் சம்பளம் 13,16,000.

ஆகவே கடிதத்தில் உயர்ந்த 50,000 ரூபாயில் மொத்தச் சம்பளமாக வந்தது 47,000தான். அவருடைய சொந்தப் பங்கும் 3,000 கூடியதால், வரியை எண்ணாமலே மீதி 44,000. வைப்பு நிதிக்குப் போன ஆறாயிரம் நட்டமன்று. அவர் பெயரிலேயே வட்டியுடன் இருக்கும். ஆயினும் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அது இப்போது உதவாது. எல்லா நிறுவனங்களும் இப்படி அடிப்படைச் சம்பளம் முழுவதற்கும் வைப்பு நிதி பிடிப்பதில்லை. மாதம் 15,000 ரூபாய் என்னும் சட்ட வரம்புக்கு மட்டும் பிடிக்கும் இடங்களும் உண்டு. அங்கே பிடித்தம் மாதம் 1,800 ரூபாயிலேயே நிற்கும், உயர்வினால் மாறாது. எது நம் நிறுவனத்தின் வழக்கம் என்பதைச் சம்பளச் சீட்டே காட்டிவிடும்.

தொழில் வரியைப் பற்றிக் கவலையில்லை. தெலங்கானாவில் மாதம் 20,000 ரூபாய்க்குமேல் வாங்குவோருக்கு அது மாதம் 200 ரூபாய். நம் ஊரில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள், இங்கே மாதந்தோறும். ஆண்டுக்கு 2,400 என்பது அண்ணாவுக்கு உயர்வுக்கு முன்னும் பின்னும் ஒன்றே.

இனி வருமான வரிக்கு வருவோம். மொத்தச் சம்பளத்திலிருந்து நிலையான கழிவாக 75,000 ரூபாயைக் கழித்தபின் மிஞ்சுவதே வரிக்குரிய வருமானம். புதிய திட்டத்தில் சொந்த வைப்பு நிதிப் பங்கையோ தொழில் வரியையோ கழிக்க இடமில்லை. அண்ணாவுக்கு அது பழைய கணக்கில் 11,94,000. புதிய கணக்கில் 12,41,000.

வரிப்படிகள் பின்வருமாறு:

முதல் 4 இலட்சம் வரை வரி இல்லை.
4 முதல் 8 இலட்சம் வரை 5 விழுக்காடு.
8 முதல் 12 இலட்சம் வரை 10 விழுக்காடு.
12 முதல் 16 இலட்சம் வரை 15 விழுக்காடு.
16 முதல் 20 இலட்சம் வரை 20 விழுக்காடு.
20 முதல் 24 இலட்சம் வரை 25 விழுக்காடு.
அதற்குமேல் 30 விழுக்காடு.

இதை மாடிப்படி போல எண்ணிக்கொள்ளலாம். ஒரு படியில் கால் வைத்ததும் கீழே உள்ள படிகளின் உயரம் மாறிவிடுவதில்லை. அதுபோலப் பன்னிரண்டு இலட்சத்தைத் தாண்டியவர், தாண்டிய பகுதிக்கு மட்டுமே 15 விழுக்காடு கொடுக்கிறார். கீழே உள்ள பகுதிகளுக்குப் பழைய விகிதமே. அண்ணாவின் 12,41,000க்கு இப்படிக் கணக்கிட்டால், இரண்டாம் படியில் 20,000, மூன்றாம் படியில் 40,000, நான்காம் படியில் மிஞ்சிய 41,000க்கு 6,150. கூட்டினால் 66,150. "சம்பளம் முழுவதற்கும் பதினைந்து விழுக்காடு" என்ற அவர் எண்ணம் தவறு என்பதற்கு இதுவே சான்று. அப்படியிருந்தால் வரி 1,86,150 ஆகியிருக்கும்.

"அப்படியானால் போன ஆண்டுச் சம்பளமே தொடர்ந்திருந்தால் எவ்வளவு?" என்று கேட்டார். 11,94,000க்குப் படிப்படியாகக் கணக்கிட்டால் 59,400 வருகிறது. "ஆனால் ஏப்ரல், மே, ஜூன் சீட்டுகளில் வரி என்று ஒரு காசும் பிடிக்கவில்லையே!" என்றார். இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது.

வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு, வருமானம் ஒரு வரம்புக்குள் இருப்பவருக்கு வரி முழுவதையும் தள்ளுபடி செய்தது. அந்த வரம்பு 7 இலட்சமாக இருந்ததை, 2025 பிப்ரவரி முதல் நாள் தாக்கலான வரவு செலவுத் திட்டம் 12 இலட்சமாக உயர்த்தியது. தள்ளுபடியின் உச்ச அளவு 60,000 ரூபாய். அதனால் 11,94,000க்கு 59,400 ரூபாய் வரி கணக்கில் எழுந்து, முழுவதும் தள்ளுபடியாகிப் பூச்சியமாயிற்று. பன்னிரண்டு இலட்சத்தைத் தாண்டியதும் இந்தத் தள்ளுபடி போய்விடுகிறது. வரிப்படி ஏணியாகச் சாய்ந்து செல்ல, இந்த ஒரே இடத்தில் மட்டும் செங்குத்தான சுவர் நிற்கிறது எனலாம்.

சுவரை அப்படியே விட்டால், வருமானம் ஒரு ரூபாய் கூடினவர் அறுபதாயிரம் வரி கட்ட நேரும். அந்த அநியாயத்தைத் தடுக்கவே விளிம்பு நிவாரணம் என்ற ஓர் ஏற்பாடு உண்டு. 12 இலட்சத்துக்குமேல் எவ்வளவு வருமானம் வந்ததோ, வரி அதைவிட மிகக்கூடாது என்பது அதன் சாரம். அண்ணாவுக்கு மேலே வந்தது 41,000. படிக்கணக்கில் வரி 66,150. ஆகவே 41,000 மட்டும் வரியாகும். நிவாரணம் என்று பெயர் இருந்தாலும், அதன் பொருளைக் கவனியுங்கள்: மேலே வந்த வருமானம் முழுவதுமே வரியாகப் போகிறது. அதோடு முடியவில்லை. நிவாரணம் கொடுத்தபின் நிற்கும் வரிமேல் 4 விழுக்காடு செஸ் சேர்கிறது. 41,000க்கு அது 1,640. ஆக மொத்த வரி 42,640.

இப்போது கைக்கு வரும் தொகையைப் பார்க்கலாம்.

பழையது: 12,69,000 மொத்தச் சம்பளம், கழிக்க, வைப்பு நிதி 81,000, தொழில் வரி 2,400, வருமான வரி இல்லை. மீதி 11,85,600.

புதியது: 13,16,000 மொத்தச் சம்பளம், கழிக்க, வைப்பு நிதி 84,000, தொழில் வரி 2,400, வருமான வரி 42,640. மீதி 11,86,960.

வேறுபாடு ஆண்டுக்கு 1,360 ரூபாய். மாதத்துக்கு 113 ரூபாய். கடிதத்தில் ஏறிய ஐம்பதாயிரத்தில் வைப்பு நிதிக்கு 6,000, வரிக்கு 42,640, கைக்கு 1,360 என்று பிரிந்துவிட்டது. அண்ணா நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, 113 ரூபாயாவது கூடியிருக்க வேண்டுமே. ஆகஸ்டில் ஆயிரம் ஏன் குறைந்தது?" என்றார். அதற்கு விடை நாட்காட்டியில் இருந்தது. உயர்வு ஏப்ரலிலிருந்து செல்லும் என்றாலும், ஆணை வந்தது ஜூலையில். அதுவரை அவருக்கு வரியே வராது என்று எண்ணி அலுவலகம் எதுவும் பிடிக்கவில்லை. ஜூலையில் ஆண்டு வரி 42,640 என்று தெரிந்ததும், மீதமிருந்த ஒன்பது மாதங்களுக்கும் அதைப் பங்கிட்டு, மாதம் 4,738 ரூபாய் பிடிக்கத் தொடங்கியது. மாதம் ஏறிய நிகரத் தொகையோ 3,667தான். ஆகவே கைக்கு வருவது 1,071 ரூபாய் குறைந்தது. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் நிலுவை 11,000 ரூபாய் ஜூலைச் சம்பளத்தோடு சேர்ந்து வந்திருந்தது. அதை அவர் தனி வருமானமாக எண்ணிச் செலவழித்துவிட்டார். ஆண்டு முழுவதையும் கூட்டினால் அதே 11,86,960 சரியாக வருகிறது. அலுவலகம் தவறேதும் செய்யவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து எல்லாச் சம்பள உயர்வும் இப்படித்தான் கரையும் என்று எண்ணிவிடக் கூடாது. கரைவது ஒரு குறுகிய இடைவெளியில் மட்டுமே. அதன் கீழ்க்கரை 12,00,000. மேற்கரை, படிக்கணக்கில் வரும் வரியும் மேலே வந்த வருமானமும் சமமாகும் இடம். மேலே வந்த வருமானத்தை அ என்று கொண்டால், 60,000ஓடு அ-வில் 15 விழுக்காட்டைக் கூட்டினது அ-வுக்குச் சமம். தீர்த்தால் அ 70,588. ஆகவே வரிக்குரிய வருமானம் 12,00,000க்கும் 12,70,588க்கும் இடையில் இருக்கும்வரை, கூடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் செஸ் உட்பட 1 ரூபாய் 4 காசு வரி. சம்பளம் கூடக்கூடக் கைக்காசு சிறிது குறையவே செய்யும். சுமார் 12,74,000 வந்தபின்தான், வரி போக மிஞ்சுவது மறுபடியும் 12 இலட்சத்தைத் தொடும். நிலையான கழிவையும் சேர்த்துச் சொன்னால், மொத்தச் சம்பளம் 12,75,000 முதல் ஏறக்குறைய 13,49,000 வரை இந்தப் பள்ளம் கிடக்கிறது.

பள்ளத்தைத் தாண்டியவரின் நிலை வேறு. அண்ணாவின் நிறுவனத்திலேயே ஒருவருக்குச் சி.டி.சி. 15 இலட்சத்திலிருந்து 16 இலட்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறிய ஒரு இலட்சத்தில் இரு பங்கு வைப்பு நிதிக்கு 12,000, வரிக்குச் செஸ் உட்பட 14,664, கைக்கு 73,336. நூற்றுக்கு எழுபத்து மூன்று. பின்னர் வரிக்குரிய வருமானம் 16 இலட்சத்தைத் தாண்டினாலும், தாண்டிய பகுதியில் நூற்றுக்கு ஐந்து ரூபாய்தான் கூடுதல் வரி. மேற்படிக்குப் போவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தள்ளுபடி முடியும் அந்த ஓரிடத்தை மட்டுமே அறிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பள்ளத்தில் விழுந்தவர் என்ன செய்வது? உயர்வை மறுப்பது நல்ல வழியன்று. வைப்பு நிதி போகும், அடுத்த உயர்வுக்கு அடித்தளமும் தாழும். வேறொரு வழி இருந்தது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் தொகையை, அடிப்படைச் சம்பளத்தில் 14 விழுக்காடு வரை, புதிய வரித் திட்டத்திலும் கழிக்கலாம். அண்ணாவுக்கு அந்த உச்சம் 98,000. அவருக்குத் தேவையானதோ 41,000தான். உயர்வு ஆணை வந்த ஜூலையிலேயே, சம்பளத்தில் 41,000 ரூபாயை அந்த வழியாகக் கட்டுமாறு கேட்டிருந்தால், வரிக்குரிய வருமானம் சரியாக 12,00,000 ஆகி வரி பூச்சியமாகியிருக்கும். கைக்கு வருவது 13,16,000லிருந்து 41,000, 84,000, 2,400 ஆகியவற்றைக் கழித்து 11,88,600. வரி கட்டியபோது வந்ததைவிட இது 1,640 ரூபாய் அதிகம். 41,000 ரூபாயும் அவர் பெயரில் சேமிப்பாக நிற்கும்.

இதற்கும் எல்லை உண்டு. அந்தப் பணம் பொதுவாக முதுமைவரை பூட்டியே கிடக்கும். இடையில் எடுக்க வரம்புகள் உள்ளன. முடிவில் ஒரு பகுதியை ஓய்வூதியமாகவே பெறவேண்டி வரும். மேலும், கட்டுவது நிறுவனமாக இருக்க வேண்டும். நாமே தனியாகக் கட்டினால் புதிய திட்டத்தில் இந்தக் கழிவு கிடையாது. பல நிறுவனங்கள் ஆண்டுத் தொடக்கத்திலோ உயர்வு தரும்போதோதான் இந்த விருப்பத்தைக் கேட்கும். அண்ணாவின் நிறுவனமும் கேட்டிருந்தது. ஜூலையில் வந்த மின்னஞ்சலை அவர் திறந்து பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரம்பைக் கணக்கிடுவது சம்பளத்தை மட்டும் வைத்தன்று. பழைய சம்பளத்திலேயே அண்ணாவுக்கு வரம்பிற்கு ஆறாயிரம் ரூபாய்தான் இடைவெளி இருந்தது. வங்கி வைப்பில் பத்தாயிரம் ரூபாய் வட்டி வந்திருந்தால், உயர்வே இல்லாமலும் வரம்பைத் தாண்டியிருப்பார். அலுவலகத்துக்கு அந்த வட்டி தெரியாததால், கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் வரி வந்து நிற்கும்.

ஆகவே உயர்வுக் கடிதம் கைக்கு வந்தால், அதைப் பன்னிரண்டால் வகுக்கும் முன், முதலில் நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கை நீக்குங்கள். பின் நிலையான கழிவைக் கழித்து, வேறு வருமானம் இருந்தால் கூட்டுங்கள். வரும் எண் அந்த ஆண்டின் தள்ளுபடி வரம்புக்கு இப்புறமா அப்புறமா என்று பாருங்கள். வரம்பும் படிகளும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் மாறக்கூடியவை, எண்களை அந்தந்த ஆண்டுக்குப் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், வரிசை மாறாது. கடைசியாக, பழைய ஆண்டுக்கும் புதிய ஆண்டுக்கும் கைக்கு வரும் தொகையைத் தனித்தனியே கண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். அந்த மீதியே உங்கள் உண்மையான உயர்வு.

அன்றிரவு அண்ணா என் அறையிலிருந்தே வீட்டுக்குப் பேசினார். மூவாயிரம் என்று சொன்னதை அம்மா மறந்திருக்கவில்லை. "உயர்வில் அவ்வளவு வரவில்லை அம்மா, ஆனாலும் அனுப்புகிறேன்" என்றார். அடுத்த மாதமே இருந்த அறையை விட்டு, இன்னொருவரோடு வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் அறைக்கு மாறினார். அந்த வாடகை மிச்சத்திலிருந்துதான் தங்கைக்கு மூவாயிரம் போகிறது.